கட்டியின் அளவைக் கேளுங்கள்: கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செவிலியர்களுக்கு,

வணக்கம். மாதவிலக்கின்போது இரத்தம் "கட்டி கட்டியாப் போகுதும்மா" என்று ஒரு பெண் சொன்னால், அவளிடம் உடனே கட்டியின் அளவைக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

என் அக்காவுக்கு வயது 43. மாதவிலக்கின் இரண்டாம் நாளில் நெல்லிக்காய் அளவு கட்டிகள் விழுந்தன. இரவில் இரண்டு நாப்கின்களைச் சேர்த்து வைத்தும் பாயில் கறை படிந்தது. ஓராண்டுக்கு மேலாக அவருக்குக் கிடைத்த பதில்கள் "உடம்புச் சூடு", "நிற்கப்போகிற வயசு" என்பவைதான். மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே இரத்தப் பரிசோதனை செய்தோம். 12 கிராமுக்குக் குறையக் கூடாத ஹீமோகுளோபின் 7.1 ஆக இருந்தது. ஸ்கேனில் கருப்பையின் உட்சுவரை ஒட்டி ஒரு நார்க்கட்டி தெரிந்தது. விழுவதும் கட்டி, உள்ளே இருப்பதும் கட்டி என்று ஒரே சொல்லால் குறிப்பதால், நார்க்கட்டிதான் துண்டு துண்டாக வெளியேறுகிறது என்று அக்கா நடுங்கிப்போனார்.

வெளியேறுவது உறைந்த இரத்தமும் கருப்பையின் உள்வரிச் சவ்வும்தான். மாதவிலக்கு இரத்தம் உறையாமல் நீராக வடிவதற்கான பொருள்களைக் கருப்பையே சுரக்கிறது. அவை கரைத்து முடிப்பதற்குள் இரத்தம் மிகுதியாகக் கொட்டும்போது உறைந்து கட்டியாகிறது. ஆகவே கட்டியை நோய் என்று கொள்ளாமல், போக்கின் அளவைக் காட்டும் அடையாளமாகக் கொள்ள வேண்டும். இரவெல்லாம் படுத்திருந்து காலையில் எழும்போது சிறிய, கருஞ்சிவப்புக் கட்டி ஒன்றிரண்டு விழுவது இயல்பே. ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டருக்கு, அதாவது பத்து ரூபாய் நாணயத்தின் அளவுக்கு, மேற்பட்ட கட்டிகள் மாதந்தோறும் விழுந்தாலோ, போக்கு ஏழு நாளைத் தாண்டினாலோ, ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்து ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். பூப்பெய்திய நாள் முதலே இப்படிப் போகும் சிறுமிக்கு மூக்கிலோ ஈறிலோ அடிக்கடி இரத்தம் கசியுமானால், இரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சிலரை அடுத்த மாதம் வரை காத்திருக்கச் சொல்லவே கூடாது. மணிக்கொரு நாப்கின் முழுதும் நனைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் அது தொடர்பவரையும், தலைசுற்றி விழுபவரையும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நாள் தள்ளிப்போய்க் கட்டியாகப் போகிறவருக்கு அன்றே கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். மாதவிலக்கு நின்று ஓராண்டான பின் சிறு கறை பட்டாலும், கட்டியே இல்லாவிட்டாலும், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும்.

அளவைச் சொல்லப் பெண்கள் கூசுவார்கள். என் அக்காவும் கூசினார். "நாணயத்தைவிடப் பெரிசா, சின்னதா?" என்று கேட்டபோதுதான் கையை விரித்துக் காட்டினார்.

இப்படிக்கு,
ஒரு தங்கை