தமிழில் பேசும் படத்துக்குத் தமிழிலேயே வசன எழுத்து கொடுங்கள்: படச் செயலி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாதா மாதம் சந்தா வாங்கிக்கொண்டு போனிலும் டிவியிலும் படம் காட்டுகிற செயலிக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் செயலியில் மொழி மாற்றும் இடத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை அடைக்கச் சொல்லித்தான் இந்த மடல்.

எங்கள் அத்தா விசைப்படகில் டிரைவர் வேலை பார்த்தவர். டீசல் இஞ்சின் பக்கத்திலேயே பல வருஷம் நின்றதில் காது பாதி போய்விட்டது. இந்தக் கரையில் அவரைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். சத்தம் கேட்கும், ஆனால் சொல் பிரியாது. தமிழ் நன்றாக வாசிப்பார், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அவர் ஒரு மலையாளப் படம் பார்க்க உட்கார்ந்தால் நடப்பது இதுதான். படம் ஓடும்போது திரையைத் தொட்டால் கீழே Audio & Subtitles என்று வரும், அதைத் தொட்டால் இரண்டு பட்டியல் திறக்கும். ஒலிப் பட்டியலில் Malayalam [Original] என்று இருப்பதை Tamil என்று மாற்றிவிடுகிறேன், சரி, குரல் தமிழுக்கு வந்துவிட்டது. எழுத்துப் பட்டியலில் பார்த்தால் Off, English, பல படங்களில் அவ்வளவுதான். இங்கிலீஷ் எழுத்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, "பேச்சு தமிழ்ல போகுது, எழுத்து இங்கிலீசுல போகுது, இது யாருக்கும்மா?" என்று கேட்டார். நேரடித் தமிழ்ப் படத்திலும் பெரும்பாலும் இதே கதைதான், தமிழ் தெரியாதவருக்கு எழுத்து இருக்கிறது, தமிழ் கேட்க முடியாதவருக்கு இல்லை.

பட்டியலில் தமிழ் எழுத்து இருக்கிற படங்களிலும் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது, அதுதான் எனக்கு அதிக வருத்தம். குரல் ஒன்று சொல்கிறது, எழுத்து வேறொன்று சொல்கிறது. டப்பிங் வசனத்தை எழுதுபவர் நடிகரின் உதட்டசைவுக்கும் வசனத்தின் நீளத்துக்கும் பொருந்துகிற மாதிரி சொல்லை மாற்றுவார். வசன எழுத்தை எழுதுபவர் மூல மொழியிலிருந்து தனியாக மொழிபெயர்ப்பார், அவருக்கு உதடு கணக்கில்லை, வாசிக்க நேரம் போதுமா என்பதுதான் கணக்கு. அதனால் குரலில் "எங்க போயிட்டு வர்ற?" என்று வந்தால் எழுத்தில் "இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய்?" என்று ஓடும். நன்றாகக் காது கேட்பவர் இதைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார். பாதி கேட்டு மீதியை எழுத்தில் பிடிக்கிற ஆளுக்கு இரண்டும் ஒன்றை ஒன்று கலைத்துவிடுகிறது, கடைசியில் எழுத்தை அணைத்துவிடச் சொல்கிறார். இங்கிலீஷில் CC என்று ஒன்று கொடுக்கிறீர்களே, பேசியதைப் பேசியபடியே எழுதி, கதவு தட்டும் சத்தம், முகம் தெரியாமல் பேசுபவரின் பெயர் எல்லாம் சேர்த்து, அதைத்தான் தமிழிலும் கேட்கிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அதன் 42ஆம் பிரிவிலேயே மின்னணு ஊடகத்தில் இந்த வசன எழுத்து கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது.

இன்னொன்று டவுன்லோடு. இங்கே சிக்னல் நிலையாக இருக்காது, அதனால் வைஃபை கிடைக்கும் இடத்தில் படத்தை இறக்கி வைத்துக்கொள்கிறோம். இறக்கும்போது எல்லா மொழியும் கூடவே வருவதில்லை, புரொஃபைலில் வைத்திருக்கிற மொழியைப் பார்த்துச் செயலியே ஓரிரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து திறந்தால், ஆன்லைனில் பார்த்தபோது பட்டியலில் இருந்த தமிழைக் காணோம். புரொஃபைல் மொழியைத் தமிழாக்கிவிட்டு, இறக்கியதை அழித்து மறுபடி இறக்கினால் பெரும்பாலும் சரியாகிறது, ஆனால் அதற்குள் டேட்டா இரண்டு மடங்கு போய்விடுகிறது. டவுன்லோடு பொத்தானை அமுக்கியதும் எந்தக் குரல், எந்த எழுத்து என்று ஒரு கேள்வி கேட்டால் போதுமே.

(காது மந்தமானவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள்: டிவியில் Tamil, Tamil 5.1 என்று இரண்டு இருந்தால் 5.1 இல்லாததைப் போடுங்கள். 5.1இல் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று பிரித்து வைக்கப்பட்டிருக்கும், டிவியின் இரண்டு ஸ்பீக்கரில் அதை ஒன்றாக அடைக்கும்போது பல நேரம் இசை மேலே ஏறி வசனம் அமுங்கிவிடும்.)

செலவாகும் என்று சொல்வீர்கள். டப்பிங் படத்துக்குப் புதிதாக மொழிபெயர்க்கவே வேண்டாம். எந்த வசனம் எந்த நொடியில் வருகிறது என்று குறித்த டப்பிங் பிரதியை வைத்துக்கொண்டுதான் குரல் கொடுத்தவர்கள் பேசினார்கள். அந்தப் பிரதியை ஸ்டுடியோவில் கேட்டு வாங்குங்கள், ஒலிப்பதிவின்போது மாறிய சொற்களைத் திருத்துங்கள், சத்தக் குறிப்புகளைச் சேருங்கள், பட்டியலில் Tamil [CC] என்று போடுங்கள். அடுத்து ஏற்றப்போகிற தமிழ் டப்பிங் படத்திலேயே இதைத் தொடங்கலாம்.