மாடி வீட்டாருக்குச் சொன்ன பதில்

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். மாடியில் குடியிருப்பவர் லாப்ரடார் குட்டி வளர்க்க அனுமதி கேட்டு உனக்கு எழுதிய கடிதத்துக்கு, நீ சொன்னபடி நானே பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாடியில் வேண்டாம் என்று மறுத்திருக்கிறேன். ஆனால் அத்தோடு விட்டுவிடவில்லை.

நாய் குரைக்கும் என்பதற்காக நான் மறுக்கவில்லை. கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். அதுவரை குட்டி மொட்டைமாடியில்தான் கிடக்கும், அங்கேதான் சிறுநீரும் கழிக்கும். மொட்டைமாடியில் விழும் மழைநீர் குழாய் வழியாக இறங்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டித் தொட்டியைக் கடந்து நம் கிணற்றில் சேர்வது உனக்குத் தெரியும். மணல் வடிகட்டி சருகையும் தூசியையும் தடுக்குமே தவிர, நோய்க்கிருமிகளை முழுதாகத் தடுக்காது. எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வெளியேறக்கூடும். தடுப்பூசி போட்டாலும் அந்த வாய்ப்பு அடியோடு நீங்குவதில்லை. தினமும் கழுவிவிடுவதாக அவர் சொன்னார். கழுவிய நீரும் அதே குழாயில்தானே இறங்கும்? குழாயைத் துண்டித்துவிடலாம் என்றால், கோடையில் இரண்டு குடும்பமும் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்க வேண்டும். மேலும், 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம்.

இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலையும் அவர் எடுத்துக் காட்டினார். குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளுக்குத் தடை போடக் கூடாது என்கிறது அது. நம் வீட்டிலோ சங்கமும் இல்லை, நாய்மேல் யாருக்கும் பகையும் இல்லை. கேட்காமலே கொண்டுவந்து கட்டாமல், முறையாகக் கேட்ட மனிதர் என்பதால் அவரை இழக்க எனக்கு மனமில்லை.

ஆகவே, தை மாதக் கடைசியில் காலியாகும் பின்கட்டை அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்குத் தனி வாசலும், சுவர் எடுத்த சிறு மண்முற்றமும் உண்டு. கிணறு அங்கிருந்து எட்டத்தில் இருக்கிறது, கழுவும் நீரும் பாதாளச் சாக்கடைக்குப் போய்விடும். ஓர் அறை குறைவு என்பதால் வாடகையையும் குறைக்கத்தான் வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் மாநகராட்சி உரிமமும் காட்ட வேண்டும், பகலில் ஒருமுறையாவது யாரேனும் வந்து குட்டியைப் பார்க்க வேண்டும், கதவிலோ சுவரிலோ பிறாண்டிய சேதத்தைக் காலி செய்யும்போது முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று நிபந்தனைகளை எழுதியிருக்கிறேன். குடிமாறும் வரை குட்டியை விற்பவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். முன்னதாகவே குட்டி வந்துவிட்டால், மாடியில் வைத்துக்கொள்ளவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் மனம் வராது. அவர் மனைவி இறங்கிவந்து முற்றத்தைப் பார்த்தார்; அலமாரி நுழையுமா என்பதுதான் அவர் கவலை.

இந்த நிபந்தனைகளை வாடகை ஒப்பந்தத்துக்கு இணைப்பாகத் தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். வீடு உன் பெயரில் இருப்பதால் நீதான் கையெழுத்திட வேண்டும். வாடகைத் தொகையை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். மாப்பிள்ளையுடன் கலந்துகொண்டு நிரப்பி அனுப்பு.

அன்புடன்,
அப்பா