தேவிக்கு, முதல் அஞ்சு கிளையன்ட் விஷயமா

ஏய் தேவி,

உன் மெசேஜ் பாத்தேன்டி, பதில் போட லேட் ஆயிடுச்சு, பெரியவனுக்கு இந்த வருஷம் பிஎஸ்எல்இ, வீடே பரீட்சை ஹாலா இருக்கு. வேலைய விட்டுட்டு உணவகங்களுக்கு ஃபுட் காஸ்ட் கன்சல்டிங் பண்ணப் போறேன்னு சொன்ன, நல்லது. ஆனா நெட்வொர்க்கிங் ஈவென்ட்டுக்கு எல்லாம் பேர் குடுத்து, கார்டு அடிச்சு, வெப்சைட் போட்டுனு ஒரு லிஸ்ட் அனுப்பிருந்தியே, அதுல முதல் அஞ்சு பேர் வரமாட்டாங்க.

முதல்ல உன் வேலைய நேர்ல பாத்தவங்க பேரை எழுது. பழைய செஃப், இப்ப வேற கடை நடத்துற மேனேஜர், உன்கிட்ட பில் குடுத்த சப்ளையர், இப்படி முப்பது பேர் தேறும். பழைய கான்ட்ராக்ட்டுல கிளையன்ட்ட இழுக்கக்கூடாது, தகவல் வெளிய போகக்கூடாதுனு ஏதாவது க்ளாஸ் இருக்கானு ஒருதடவ படிச்சுடு. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா அனுப்பு, க்ரூப்புல ஃபார்வர்ட் பண்ணாத. "எனக்கு வேலை இருக்கா"னு கேட்டா அவங்களுக்கு சங்கடம், பதிலே வராது. இப்படிக் கேளு:

"அண்ணே, சாப்பாட்டுக் கடைகளுக்கு சரக்குச் செலவக் குறைச்சுக் குடுக்கற வேலை தனியா ஆரம்பிச்சிருக்கேன். வியாபாரம் நல்லா இருக்கு ஆனா கையில நிக்கலன்னு புலம்புற கடைக்காரர் யாரும் தெரியுமா?"

பாதி பேர் தன் கடையவே சொல்லுவாங்க பாரு. கடைக்காரங்களுக்கு மூணுல இருந்து அஞ்சு மணிக்குள்ள கூப்பிடு, லஞ்ச் முடிஞ்சு டின்னர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, வெள்ளி சனி ஞாயிறு வேண்டாம்.

ஈவென்ட்டுக்குப் போறதுனா போ, இந்திய வர்த்தக சபை சிக்கி நடத்துறது மாதிரி இடத்துல, ஆனா அங்க கடைக்காரர விட கணக்கு எழுதறவங்கள தேடு. எந்தக் கடையில லாபம் கரையுதுன்னு அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். பாசிர் பாஞ்சாங் மொத்த மார்க்கெட் காய்கறிக்காரர்களும் அப்படித்தான், ஆனா அவங்ககிட்ட கமிஷன் மட்டும் வாங்கிடாத. வாங்கிட்டா "சப்ளையர மாத்துங்க"னு கடைக்காரர்கிட்ட உன்னால நேர்மையா சொல்ல முடியாது, அது வெளிய தெரிஞ்சா தேக்கா முழுக்க பரவிடும்.

இப்ப பிட்ச். "கன்சல்டிங்"னு சொன்னா யாருக்கும் புரியாது, ஒரு கணக்க முன்னாடி போடு. மாசம் 60,000 வெள்ளி விக்கற கடைனு வை. முதலாளி பில்ல மட்டும் கூட்டி 24,000க்கு சரக்கு வாங்கினேன்னு சொல்வார். நீ மாச ஆரம்ப ஸ்டாக் 8,000ஐ கூட்டி, கடைசி ஸ்டாக் 9,200ஐ கழிச்சா உண்மையில செலவானது 22,800, விற்பனையில 38 சதவீதம். இத 34க்கு கொண்டுவந்தா மாசம் 2,400 மிச்சம். ஆனா அங்கயே "கொண்டுவந்து தர்றேன்"னு வாக்கு குடுத்துடாத, ஏன்னா ஸ்டாஃப் அளந்து போடலைனா உன் கையில ஒண்ணுமில்ல. "ரெண்டு வாரத்துல எங்க கசியுதுன்னு காட்டறேன், பெரிய நாலு அயிட்டத்துக்கு, தட்டுக்கு எவ்ளோ போடணும்னு போர்ஷன் கார்டு எழுதித் தர்றேன்"னு மட்டும் சொல்லு.

விலை 1,800 வெள்ளி. முதல் ரெண்டு பேருக்கு 600 குறைச்சுக்கோ, ஆனா இன்வாய்ஸ்ல 1,800ன்னு எழுதி கீழ அறிமுகத் தள்ளுபடி 600னு கழிச்சுக் காட்டு. இல்லைனா அவங்க அனுப்பற ஆளும் 1,200க்குதான் கேப்பார். தள்ளுபடிக்குப் பதிலா ரெண்டு பேர அறிமுகப்படுத்தச் சொல்லு, அதையும் முதல்லயே பேசிடு. ஓசியில ஸ்டாக் எண்ணாத ப்ளீஸ், அரை மணி நேரம் பேசறது ஃப்ரீ, குளிர்சாதன அறைக்குள்ள காலு வச்சா காசு.

"ப்ரொபோசல் அனுப்புங்க பாக்கலாம்"னா அது பெரும்பாலும் முடியாதுங்கறதுதான். உடனே கேளு, யார் முடிவு பண்ணுவாங்க, எந்த தேதில பேசலாம்னு. தேதி குடுக்கலைனா ரெண்டு தடவ கூப்பிட்டுப் பாத்துட்டு விட்டுடு. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்துற கடைல ஒருத்தர்கிட்ட மட்டும் பேசி ஓகே வாங்கினா செல்லாது லா.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாதிப் பணம் பேநவ்ல வரணும். மிச்சம் வராம இழுத்தா 20,000 வெள்ளி வரைக்கும் ஸ்மால் க்ளெய்ம்ஸ்ல ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போடலாம், ஆனா எழுத்துல இருக்கணும், வாட்சப்ல ஒத்துக்கிட்டதையாவது பத்திரமா வச்சுக்கோ. ஐசில இருக்கற முழுப் பேர்லயே தொழில் பண்ணினா அக்ராவுல பதியத் தேவையில்ல, கடைப்பேர் மாதிரி வச்சாதான் பதியணும். இதுக்கெல்லாம் ஒரு வாரம் உட்காராத.

மூணாவது ஆள் முதல் ஆள்கிட்டருந்துதான் வரணும். அவர் ரிப்போர்ட்ட திறந்து, மட்டன்ல மட்டும் இவ்ளோ போயிருக்கான்னு வாயப் பொளக்கற அந்த நாள்லயே யாருக்குச் சொல்லலாம்னு கேளு, ஒரு மாசம் கழிச்சுக் கேட்டா மறந்துடுவார்.

ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த முப்பது பேர் அனுப்பு, என்கிட்ட ரெண்டு கணக்குப்பிள்ளைங்க இருக்காங்க, அவங்களையும் சேர்த்துக்கலாம். அம்மா முழங்கால் வலி எப்படி இருக்குனும் எழுது.

உன்
சுதா