பக்கக் கட்டணத்தை உயர்த்துவது பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ தனியாகப் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்யத் தொடங்கி ஓராண்டு நிறைகிறது. கட்டணத்தை உயர்த்த வேண்டும், ஆனால் பழைய வாடிக்கையாளர்களிடம் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று தொலைபேசியில் சொன்னாய். கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதிக் கொடுத்து, அவர்களிடமே கூலி உயர்த்திக் கேட்டுப் பழகியவன் என்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இப்போது உன் கைக்கு உண்மையில் என்ன வருகிறது என்பதை முதலில் பார். பக்கத்துக்கு 40 ரூபாய் வீதம் 200 பக்க நூலுக்கு 8,000 ரூபாய் வாங்குகிறாய். பக்கங்களை அமைக்க 16 மணி நேரம் ஆகிறது என்பதால், மணிக்கு 500 ரூபாய் கிடைப்பதுபோலத் தோன்றும். ஆனால் மெய்ப்பு மூன்று, நான்கு முறை வந்துபோகிறது என்றும், சில ஆசிரியர்கள் கடைசித் திருத்தத்தில் புதிய பத்திகளையே சேர்த்துவிடுகிறார்கள் என்றும் நீயே சொன்னாய். அதற்கு இன்னொரு 16 மணி நேரம் போனால், மிஞ்சுவது மணிக்கு 250 ரூபாய்தான். ஆகவே கட்டணத்தை 50 ரூபாயாக்குவதோடு, இரண்டு சுற்றுத் திருத்தம் மட்டுமே அதில் அடங்கும், அதற்கு மேல் வருவதற்குத் தனிக் கட்டணம் என்றும் வரையறுத்துக்கொள். என் பார்வையில் அந்தப் பத்து ரூபாயைவிட இந்த வரையறைதான் உனக்கு அதிகம் மிச்சப்படுத்தும்.

வாடிக்கையாளர் போய்விடுவாரே என்ற அச்சத்தையும் கணக்காகவே பார்க்கலாம். மாதம் ஐந்து நூல்களுக்கு இன்று 40,000 ரூபாய் வருகிறது. புதிய கட்டணத்தில் நான்கு நூல்களுக்கே அதே 40,000 வந்துவிடும். அதாவது, 25 சதவீத உயர்வால் ஐந்தில் ஒரு பங்கு வேலை போனாலும் வருமானம் குறையாது, நேரமும் மிச்சம். ஆனால் உன் ஐந்து நூல்களில் மூன்று ஒரே பதிப்பகத்திலிருந்து வருகின்றன. அவர்கள் விலகினால் மிஞ்சுவது 20,000 ரூபாய்தான் என்பதால், இந்தக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. எனவே புதிதாக விசாரிப்பவர்களிடம் இன்றே 50 ரூபாய் என்று சொல்லத் தொடங்கு. அவர்களில் ஓரிருவர் ஒப்புக்கொண்ட பிறகு சிறிய வாடிக்கையாளர்களுக்கு எழுது. அந்தப் பதிப்பகத்துக்குக் கடைசியாகத் தெரிவி.

காலமும் முக்கியம். சனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்காகப் பதிப்பகங்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும் நவம்பர், டிசம்பரில் கட்டணத்தை உயர்த்தினால், வேறு வழியின்றி ஒப்புக்கொள்வார்கள். ஆனால் கழுத்தைப் பிடித்தாய் என்ற மனக்குறை தங்கிவிடும். காட்சி முடிந்து விற்பனைக் கணக்கு பார்த்திருக்கும் பிப்ரவரியில் தெரிவித்து, புதிய நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று சொல்வதே முறை.

மடல் சுருக்கமாக இருக்கட்டும்: "வணக்கம். வரும் ஏப்ரல் 1 முதல் நான் ஏற்கும் நூல்களுக்குப் பக்க வடிவமைப்புக் கட்டணம் பக்கத்துக்கு 50 ரூபாய். இரண்டு சுற்றுத் திருத்தங்கள் இதில் அடங்கும். தற்போது கையில் உள்ள நூல்களும், மார்ச் 31-க்குள் முழுப் பிரதி வந்துசேரும் நூல்களும் பழைய கட்டணத்திலேயே முடித்துத் தரப்படும்." இவ்வளவு போதும். வீட்டு வாடகை ஏறியது, கணினி வாங்கியது என்றெல்லாம் காரணம் அடுக்காதே. காரணத்தைச் சொன்னால் பேச்சு அந்தக் காரணம் நியாயமா என்பதற்குத் திரும்பிவிடும். மன்னிப்பும் கேட்காதே. "முழுப் பிரதி" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதே. இல்லாவிட்டால் முதல் அத்தியாயத்தை மட்டும் மார்ச்சில் அனுப்பிவிட்டுப் பழைய கட்டணம் கேட்பார்கள்.

பெரிய பதிப்பகத்துக்கு மடல் அனுப்புவதற்கு முன் நேரில் போய்ச் சொல்லிவிடு. அவர்கள் குறைக்கச் சொன்னால், சும்மா குறைக்காதே, பதிலுக்கு ஒன்றைப் பெற்றுக்கொண்டு குறை: ஒரே சுற்றுத் திருத்தம் என்றால் 45 ரூபாய், அல்லது ஆண்டுக்கு இத்தனை நூல்கள் என்று எழுத்தில் உறுதி தந்தால் 45 ரூபாய். பதிலுக்கு எதுவும் பெறாமல் "இந்த ஒரு முறைக்கு மட்டும்" என்று இறங்கினால், அடுத்த முறை அதுவே உன் கட்டணமாகிவிடும்.

மடலுக்குப் பதிலே வராமலும் போகலாம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஏப்ரலில் அவர்களிடமிருந்து முதல் நூல் வந்ததும், மொத்தப் பக்கங்களையும் தொகையையும் எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு வரி வந்த பிறகே கோப்பைத் திற.

அன்புடன்,
அப்பா