61 டிக்கெட் மூடி முதலிடம் வந்தவன் எழுதுகிறேன்

டெலிவரி ஹெட் அவர்களுக்கும், அந்த டேஷ்போர்டை வாராவாரம் அனுப்பிவைக்கும் மேனேஜர்களுக்கும்,

வணக்கம் சார். புகாரோ மாற்ற வேலையோ, ஆளுக்கு எத்தனை டிக்கெட் மூடினோம் என்ற போன காலாண்டுப் பட்டியலில் முதலிடம் வந்தவன் நான்தான். 61 டிக்கெட். எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு கிஃப்ட் கார்டு கொடுத்தீர்கள், நானும் சிரித்தபடி வாங்கிக்கொண்டேன். அதே பட்டியலின் கடைசியில் 7 டிக்கெட்டோடு இருந்தவர் என் பக்கத்து சீட்டில் இருக்கும் சீனியர். மறுவாரமே அவரைத் தனியாக அழைத்து "ஏன் இவ்வளவு குறைவு" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் செய்த வேலை என்ன என்று தெரியும், நான் செய்தது என்ன என்றும் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் 61-ஐப் பிரித்துக் காட்டிவிடுகிறேன். அதில் 12, ஒரே வேலை. தேதி காட்டும் வடிவத்தை மாற்ற வேண்டும், 12 திரைகளில் வருகிறது, பொதுவான ஒரே ஃபங்ஷனில் ஒரு வரி மாற்றினால் எல்லாத் திரையிலும் மாறிவிடும். நான் திரைக்கு ஒன்றாக 12 டிக்கெட் திறந்து, ஒரே நாள் மதியம் வரிசையாக மூடினேன். இன்னொரு 9, `Cannot Reproduce` அல்லது `Duplicate` என்று குறித்து மூடியவை. அதற்கும் ஒரு வழி உண்டு: வெள்ளிக்கிழமை சாயங்காலம் "கூடுதல் விவரம் தேவை" என்று ஒரு கமென்ட் போட்டுவிட வேண்டும், மூன்று நாளில் வாடிக்கையாளர் பதில் சொல்லாவிட்டால் சிஸ்டமே மூடிவிடும், எண்ணிக்கை நம் பெயரில் ஏறும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, சேர்ந்த இரண்டாவது மாதத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். 17 உண்மையான வேலை, அதில் எனக்குக் கூச்சம் இல்லை. மிச்சம் 23. இந்த 23-தான் விஷயம்.

இரட்டைப் பிடித்தம் என்று சப்போர்ட்டில் சொல்வார்களே, அது. வாடிக்கையாளர் ஒருமுறைதான் பணம் கட்டுகிறார், கார்டில் இரண்டு முறை போய்விடுகிறது. புகார் வந்ததும் டிக்கெட் என்னிடம் வரும். நான் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன்: ஆர்டர் எண்ணைக் கொடுத்தால் இரண்டாவது பிடித்தத்தைத் தேடி ரீஃபண்ட் போட்டுவிடும். பத்து நிமிட வேலை. "டேட்டா ஃபிக்ஸ் செய்யப்பட்டது" என்று எழுதி மூடினால் ஒன்று சேர்ந்தது. இப்படி 23 முறை. ஒருமுறைகூட "இது ஏன் நடக்கிறது" என்று நான் தோண்டவில்லை. தோண்டினால் ஒரு வாரம் போகும், அந்த வாரம் என் கணக்கில் பூஜ்யம் விழும்.

தோண்டியது அந்த சீனியர். டெஸ்ட் சூழலில் பிரச்சினை வரவே இல்லை. எங்கள் லாகில் வெறும் டைம்-அவுட் மட்டும்தான் இருந்தது. அவர் பேமென்ட் கேட்வேயின் செட்டில்மென்ட் அறிக்கையை வாங்கி, எங்கள் லாகோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். இரட்டைப் பிடித்தம் எல்லாமே மாலை நெரிசல் நேரத்தில்தான். அந்த நேரத்தில் கேட்வே பதில் சொல்ல 30 வினாடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் 30 வினாடியில் "பதில் வரவில்லை" என்று கைவிட்டு மறுபடி அனுப்பினோம். அங்கேயோ முதல் கோரிக்கைக்குப் பணம் பிடித்தாகிவிட்டது. ஒரே கோரிக்கை இரண்டு முறை போனால் அடையாளம் கண்டு இரண்டாவதை விட்டுவிடத்தான் கோரிக்கையோடு ஒரு சாவி அனுப்புகிறோம். அந்தச் சாவி இருந்த இடத்தைப் பாருங்கள்:

```python
for attempt in range(3):
    key = str(uuid4())
    try:
        return charge(order_id, amount, key, timeout=30)
    except Timeout:
        continue
```

சாவி லூப்புக்கு உள்ளே பிறக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சாவி. கேட்வேயின் கண்ணுக்கு அது மூன்று தனித்தனி வாங்கல். இரண்டாவது வரியை லூப்புக்கு மேலே தூக்கி வைத்தால் பாதி தீரும். பாதிதான், ஏனென்றால் நடுவில் சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலோ, வாடிக்கையாளர் பொறுமையிழந்து பட்டனை மறுபடி அழுத்தினாலோ அப்போதும் புதுச் சாவி பிறக்கும். எனவே அவர் ஆர்டர் உருவாகும்போதே சாவியை அந்த ரெக்கார்டில் எழுதிவைத்து, எத்தனை முறை முயன்றாலும் அதையே எடுக்கும்படி மாற்றினார். ஒன்பது வேலை நாள். கோட் மாற்றம் மொத்தமே இருபது வரிக்குள். டிக்கெட் கணக்கில் ஒன்று.

23-க்கு 1. உங்கள் டேஷ்போர்டு சொன்னது அவ்வளவுதான். அது சொல்லாதது, அந்த ஒன்று என் 23-க்கும் ஊற்றை அடைத்துவிட்டது என்பது. இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறேன், பக் உயிரோடு இருக்கும்வரை எனக்கு லாபம். கிணறு வற்றிவிடக் கூடாது என்று இறைப்பவன் நினைப்பது மாதிரிதான் நான் இருந்தேன், அதுவும் கெட்ட எண்ணத்தோடு அல்ல, அப்ரைசலை நினைத்துக்கொண்டு.

இது எங்கள் ஒழுக்கக் குறைவு என்று நினைத்து, டிக்கெட் பிரிப்பதைத் தடைசெய்து ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடாதீர்கள். பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பிரிட்டனின் பணக்கொள்கையைப் பற்றி எழுதியபோதே இதைச் சொல்லிவிட்டார்: ஒரு புள்ளிவிவரத்தைப் பிடித்துக் கட்டுப்படுத்தத் தொடங்கினால், அதுவரை அது காட்டிவந்த ஒழுங்கு குலைந்துபோகும். பரிசு வைப்பதற்கு முன் டிக்கெட் எண்ணிக்கை ஓரளவுக்கு வேலையைக் காட்டியிருக்கலாம். வைத்த பிறகு அது எங்கள் சாமர்த்தியத்தைத்தான் காட்டுகிறது. பிரிப்பதைத் தடுத்தால் சுலபமானதைப் பொறுக்குவோம். பொறுக்குவதைத் தடுத்தால் அடுத்தவர் எழுதிய கோட்-ஐ ரிவ்யூ செய்வதை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் இன்னொன்றை மூடுவோம். (ரிவ்யூ ஏற்கெனவே பாதி நின்றுவிட்டது. ஸ்டாண்ட்-அப்பில் யாராவது உதவி கேட்டால் எல்லோரும் ஸ்கிரீனைப் பார்க்கிறோம்.)

சரி, வேறு எதை அளப்பது? டெவலப்பரின் மவுஸ் கிளிக்கில் முடியாத ஒன்றை. வாடிக்கையாளர் புகார் சொன்ன நேரத்தில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கட்டும், திருத்தம் ப்ரொடக்‌ஷனுக்குப் போய் வேலை செய்யும்போது நிற்கட்டும். ஆள்வாரியாகப் பார்க்காமல் டீமுக்கு மொத்தமாகப் பாருங்கள். இதைப் பிரித்து ஏமாற்ற முடியாது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது: வரிசையில் சராசரியாக நிற்பவை, வாரத்துக்கு முடிபவை, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். 90 திறந்திருக்கிறது, வாரம் 30 மூடுகிறோம் என்றால் மூன்று வாரம். நான் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் பிரிக்கிறேன் என்று வையுங்கள். 180 திறந்திருக்கும், வாரம் 60 மூடுவேன். பட்டியலில் என் பெயர் இருமடங்கு மின்னும், வாடிக்கையாளர் அதே மூன்று வாரம் காத்திருப்பார்.

ஆனால் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே நாளில் முடியும் சில்லறை வேலைகள் அதை இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும். நூறு புகாரில் 85 எத்தனை நாளுக்குள் முடிந்தன என்று கேளுங்கள், கூடவே திறந்து கிடப்பதில் வயதான பத்தை வாரம் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். யாரும் தொட விரும்பாத கஷ்டமான வேலைகள் அந்தப் பத்தில்தான் ஒளிந்திருக்கும்.

வேகத்தை மட்டும் அளந்தால் என் ரீஃபண்ட் ஸ்கிரிப்ட் மறுபடியும் ஜெயித்துவிடும், பத்து நிமிடத்தில் முடிகிறதே. அதனால் அதற்கு எதிர்த்தட்டில் ஒன்று வேண்டும்: அதே காரணத்தால் 30 நாளுக்குள் திரும்பி வந்தவை எத்தனை. ரீஓப்பன் ஆனதை மட்டும் எண்ணினால் போதாது, ரீஓப்பன் கணக்கில் வரக் கூடாது என்பதற்காகவே "புதுசா ஒண்ணு போடுங்க" என்று சப்போர்ட்டிடம் நாங்கள் கெஞ்சுவோம். சப்போர்ட்டில் இருப்பவர்கள் பழைய டிக்கெட்டோடு இணைத்துவைக்கட்டும், இணைக்கும் உரிமை எங்களிடம் வேண்டாம். மென்பொருள் டீம்களை ஆராயும் டோரா குழுவினரின் பழைய நான்கு அளவுகளும் இப்படித்தான் ஜோடியாக நின்றன: எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு சீக்கிரம் வெளியிடுகிறோம் என்று இரண்டு, வெளியிட்டதில் எவ்வளவு உடைகிறது, உடைந்தால் எவ்வளவு சீக்கிரம் எழுகிறோம் என்று இரண்டு. ஒரு பக்கத்தை மட்டும் ஊதிப் பெருக்கினால் மறுபக்கத்தில் தெரிந்துவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. மாதம் பதினைந்து புகார் வரும் சின்ன டீமில் இந்த 85 கணக்கு தாறுமாறாக ஆடும், மூன்று மாதமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்து வருடப் பழைய பில்லிங் மாட்யூலைக் கட்டிக்கொண்டு அழும் டீமையும் போன வருடம் எழுதிய ஆப்பின் டீமையும் பக்கத்தில் வைத்தால் அநியாயம், ஒரு டீமை அதன் போன காலாண்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். இதிலும் கிஃப்ட் கார்டைக் கட்டினால் மூன்றே மாதத்தில் இதையும் வளைத்துவிடுவோம், என்னை நம்புங்கள்.

அப்புறம், தனிநபரை எப்படி மதிப்பிடுவது என்று கேட்பீர்கள். அதற்கு எண் இல்லை சார். மேனேஜர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து டிக்கெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, என்ன பிரச்சினை, என்ன மாற்றினார், திரும்பி வந்ததா என்று பார்த்தாலே ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். டீமில் இருப்பவர்களிடம் "நீ மாட்டிக்கொண்டபோது யாரிடம் போனாய்" என்று கேளுங்கள். எங்கள் டீமில் ஆறு பேரும் ஒரே பெயரைச் சொல்வோம், பட்டியலின் கடைசிப் பெயர்.

நான் சொல்வதைச் சரிபார்க்க ஜிரா தேடலில் இதை ஓட்டிப் பாருங்கள், போன 90 நாள் வரும்:

```
project = PAY AND resolution in ("Cannot Reproduce", Duplicate) AND resolved >= -90d
```

வருவதில் பத்தைத் திறந்து கமென்டுகளை வாசியுங்கள். என்னுடையதும் அதில் இருக்கும்.

அந்தத் திருத்தம் ப்ரொடக்‌ஷனுக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. இரட்டைப் பிடித்தம் ஒன்றுகூட வரவில்லை, என் ஸ்கிரிப்ட் சும்மா கிடக்கிறது. இந்தக் காலாண்டில் என் கணக்கு 30-ஐத் தாண்டாது என்று நினைக்கிறேன். விளக்கம் கேட்டு என்னை அழைப்பார்கள், அப்போது இந்த மடலின் பிரின்ட் ஒன்றைக் கையோடு எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
பேமென்ட்ஸ் டீமில் ஒருவன்