டீசல் செஸ்: பூட்டு ஒரு பக்கம், சாவி ஒரு பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெட்ரோல், டீசல் மீது வாங்கும் சாலை செஸ்ஸை வேறு எதற்கும் தொடமுடியாதபடி சட்டம் போட்டுப் பூட்ட வேண்டும் என்று மன்னார்குடி வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். மாவட்டச் சாலைகள் கிடக்கும் கிடையைப் பார்த்தால் அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அவர் கேட்கும் சட்டம் 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. மத்திய சாலை நிதி என்று அதற்குப் பெயர். 2018-இல் ‘சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி’ என்று பெயரை நீட்டி, ரயில்வே, நீர்வழி என்று செலவுத் தலைப்புகளையும் விரித்தார்கள். செஸ் பணம் நேராக அந்த நிதிக்குப் போவதும் இல்லை. முதலில் மத்திய அரசின் பொது வருவாய் சேரும் இந்தியத் தொகுப்பு நிதியில் விழும். அதிலிருந்து நாடாளுமன்றம் ஒதுக்கினால்தான் சாலை நிதிக்கு வரும். 2018-19-இல் 35 வகை செஸ், தீர்வைகளில் வசூலான சுமார் 2.74 லட்சம் கோடி ரூபாயில் 1.64 லட்சம் கோடிதான் உரிய நிதிகளுக்கு மாற்றப்பட்டது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதிவைத்திருக்கிறார்.

நான் கேட்பது அடுத்த கேள்வி. முழுப் பணமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாலும், ‘இது சாலைக்கு மட்டும்’ என்று பெயர் எழுதுவதால் யாருக்கு லாபம்?

2021 பிப்ரவரியில் ஒரு லிட்டர் டீசலில் மத்திய அரசு எடுத்தது 31 ரூபாய் 80 காசு. அதில் சாலை செஸ் 18 ரூபாய், வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 4 ரூபாய், சர்சார்ஜ் வகையான சிறப்புக் கூடுதல் கலால் வரி 8 ரூபாய். மிச்சம் 1 ரூபாய் 80 காசுதான் அடிப்படைக் கலால் வரி. மாநிலங்களோடு பங்குபோட வேண்டியது இந்த 1.80 மட்டுமே. அரசியல் சட்டத்தின் 270-ஆவது பிரிவு செஸ்ஸையும் சர்சார்ஜையும் பங்கீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது. மத்திய வரியில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதிக்குழுவின் கணக்கில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 41 சதவீதம், அதாவது 74 காசு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். மூன்று காசு! நாட்டில் எங்கே ஒரு லிட்டர் டீசல் விற்றாலும் அந்த வரியிலிருந்து நமக்கு வந்தது அவ்வளவுதான்.

இது எப்படி நடந்தது என்பதற்கு 2018 பட்ஜெட்டைப் பார்க்கலாம். அடிப்படைக் கலால் வரியில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்கள். ஏற்கெனவே சாலைக்கென்று வாங்கிவந்த 6 ரூபாயை எடுத்துவிட்டு 8 ரூபாய் செஸ் போட்டார்கள். பெட்ரோல் பங்கில் விலை ஒரு காசு ஏறவில்லை, இறங்கவுமில்லை. டிரைவர்களுக்கோ டிராக்டர்காரர்களுக்கோ எதுவும் நடந்ததாகவே தெரிந்திருக்காது. ஆனால் பொது வருவாயில் இருந்த 2 ரூபாய் செஸ் பக்கம் நகர்ந்தது. அன்றைய 42 சதவீதக் கணக்கில், லிட்டருக்கு 84 காசு மாநிலங்களின் கையிலிருந்து போனது.

‘போனாலும் சாலைக்குத்தானே போகிறது’ என்று மன்னார்குடிக்காரர் கேட்பார். அந்த செஸ்ஸை நம்பித்தான் சாலை போடுகிறார்கள் என்றால், செஸ் குறைந்தபோது சாலை வேலையும் குறைந்திருக்க வேண்டும். டீசலுக்கு 18 ரூபாயாக இருந்த சாலை செஸ்ஸை 2021 நவம்பரில் 8 ரூபாயாகவும், 2022 மே மாதத்தில் 2 ரூபாயாகவும் இறக்கினார்கள். ஏழு மாதத்துக்குள் ஒன்பதில் ஒரு பங்கு. அதே காலத்தில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கான பட்ஜெட் ஒதுக்கீடு 2021-22-இல் 1.18 லட்சம் கோடி, 2022-23-இல் 1.99 லட்சம் கோடி, 2023-24-இல் 2.70 லட்சம் கோடி என்று ஏறிக்கொண்டே போனது. சாலைக்கு எவ்வளவு என்பதை அரசு தனியாக முடிவு செய்கிறது. பணம் எந்தப் பையிலிருந்து என்பது பிறகு வரும் விஷயம். செஸ் நிறைய வந்தால் பொதுப் பணத்தில் அந்த அளவு மிச்சம், குறைந்தால் பொதுப் பணத்தில் அந்த அளவு கூடுதல். இந்த வருடங்களில் பூட்டு போட்டதால் ஒரு கிலோமீட்டர் கூடியது என்று யாராலும் காட்ட முடியாது. மாநிலங்கள் இழந்த பங்கை மட்டும் காசுக் கணக்காகக் காட்டிவிடலாம்.

சாலை செஸ்ஸில் ஒரு பகுதி மாநிலச் சாலைகளுக்கு என்று திரும்பி வருகிறதே என்றால், வருகிறது. அதற்கு இங்கிருந்து திட்டம் எழுதி அனுப்பி, டெல்லி ஒவ்வொரு வேலையாகப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வரிப் பங்காக வந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

டெல்டாவுக்கு இந்த வேறுபாடு பெரிது. நீடாமங்கலத்தில் வெண்ணாறு பிரிந்து கோரையாறும் பாமணியாறும் போகின்றன. அதற்குக் கீழே எந்த ஊருக்குப் போனாலும் சாலை வாய்க்கால்களையும் வடிகால்களையும் தாண்டித்தான் போகும். புதிதாகச் சாலை போடும்போது மட்டத்தை உயர்த்துகிறார்கள். அடியில் இருக்கும் குழாய்ப் பாலம் பழைய அளவிலேயே கிடக்கிறது. ஐப்பசி மழையில் ஒரு பக்கம் சம்பா மூழ்கும், மறுபக்கம் வயல் தெரியும். தண்ணீர் சாலையோரத்தை அரித்துத் தாருக்கு அடியில் கப்பி தனியே வந்துவிடும். தை, மாசியில் கொள்முதல் நிலையத்து லாரி அதே இடத்தில் ஏறினால் ஒரு பட்டை அப்படியே உட்கார்ந்துவிடும். அங்கே வேண்டியது குழாயை மாற்றுவதும், வடிகாலைத் தூர்வாருவதும், ஓரத்தில் மண் அணைப்பதும். இதில் பாதி சாலைக் கணக்கிலேயே வராது, பொதுப்பணத்தில்தான் செய்ய முடியும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலைக்கும் ஐந்து வருடம்தான் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. பிறகு மாநிலத்தின் தலையில். கட்டும் பணத்தை டெல்லி செஸ்ஸாக வைத்துக்கொள்கிறது, காப்பாற்றும் செலவு பங்கு குறைந்த மாநிலத்துக்கு.

சாலையில் ஓடுகிறவன் சாலைக்குக் கொடுக்கட்டும் என்ற நியாயமும் இங்கே முழுதாகப் பொருந்தவில்லை. சேறடிக்க ஏக்கருக்கு 10 லிட்டர் டீசல் என்று வைத்துக்கொண்டால், 18 ரூபாய் செஸ் இருந்த காலத்தில் வயலை விட்டு ஏறாத டிராக்டர் சாலைக்கென்று 180 ரூபாய் கொடுத்தது. அமெரிக்காவில் வயலில் ஓடும் இயந்திரத்துக்குச் சாயம் கலந்த டீசலை மத்தியச் சாலை வரியில்லாமல் கொடுக்கிறார்கள். இங்கே நாகப்பட்டினம் விசைப்படகுக்கு மாநில அரசு தன் விற்பனை வரியை விடுகிறது. மத்திய செஸ்ஸை மாநில அரசால் விட முடியாது.

செஸ்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆரம்பத்தில் டீசல் செஸ்ஸில் பாதி கிராமச் சாலைக்கு என்று சட்டத்திலேயே எழுதியிருந்ததால்தான், பட்ஜெட் நெருக்கடியான வருடங்களிலும் பல குக்கிராமங்களுக்குத் தார் வந்தது. பழைய கிஸ்தி ரசீதில் தீர்வையோடு தலமேல்வரியும் இருக்கும். அது அதே ஒன்றியத்தில் செலவாகும், கேட்க வேண்டியவரை ஒன்றிய அலுவலகத்திலேயே பிடித்துவிடலாம். அந்த மாதிரி கட்டுகிறவரும் செலவழிக்கிறவரும் பக்கத்தில் இருந்தால் செஸ் சரி.

ஆகவே பூட்டை இறுக்கச் சொல்வதை விட, நிதிக்குழுவிடமும் நம் எம்.பி.க்களிடமும் கேட்க வேண்டியது வேறு. டீசலில் நிரந்தரமாக வாங்கும் வரியை அடிப்படைக் கலால் வரிக்குள் கொண்டுவந்து மாநிலங்களோடு பங்கு போடட்டும். அதற்கு மேலும் சாலை செஸ் வேண்டுமென்றால் இன்ன வேலைக்கு, இன்ன வருடம் வரை என்று எழுதி வாங்கட்டும். அதில் ஒரு பங்கைப் பழைய சாலையின் பராமரிப்புக்கும் குழாய்ப் பாலத்துக்கும் செலவழிக்க மாநிலத்துக்கு அனுமதி இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.