காலை ஆறு மணிக்கு வெளியே அனுப்புகிறீர்களே, அந்த வெளிச்சத்தைப் பற்றி

ஷிப்ட் அட்டவணை தயாரிக்கிறவர்களுக்கு,

வணக்கம். நான் இப்போது உடலியங்கியல் பாடம் நடத்துகிறேன். அதற்கு முன் ஆறு வருடம் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் முறை வைத்து இரவு வேலை பார்த்தவன். ஒரு வாரம் காலை, அடுத்த வாரம் இரவு, அதற்கடுத்த வாரம் மதியம் என்று சுற்றிச் சுற்றி வரும். அந்த வரிசையை யார் முடிவு செய்தார்கள், ஏன் அப்படி என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

அந்த நாட்களில் நான் கண்ட ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். விடிகாலை நாலரை மணி வாக்கில் எங்களில் பாதிப் பேர் ஸ்வெட்டரைத் தேடுவோம். ஏசியைக் கூட்டி வைத்துவிட்டார்கள் என்று சண்டை நடக்கும். ஒருநாள் சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தேன். அறை இரவு பத்து மணிக்கு இருந்த அதே வெப்பத்தில்தான் இருந்தது. குளிர்ந்திருந்தது நாங்கள்தான். உடலின் உள்வெப்பம் ஒரு நாளில் ஏறி இறங்கும். அது அடிமட்டத்தைத் தொடும் நேரம், ராத்திரி பதினொன்றுக்குப் படுத்துக் காலை ஏழுக்கு எழும் பழக்கமுள்ளவருக்கு ஏறக்குறைய நாலரை, ஐந்து மணி. தானாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கவனம் நழுவுவதும் கணக்கு தப்புவதும் அதிகம் நடப்பது அதை ஒட்டித்தான். இந்த அடிமட்ட நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மடல் முழுக்க அது வரும்.

அந்த நேரத்தைக் குறிப்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு ஜோடி நரம்பணுக் கொத்துகள். பெயர் சுப்ரகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ். உடலின் கடிகாரம் இதுதான். இரண்டும் சேர்த்துச் சுமார் 20,000 நரம்பணுக்கள், அவ்வளவுதான். 1972இல் எலிகளில் இந்தக் கொத்தை அழித்துப் பார்த்தபோது அவை தண்ணீர் குடிப்பது, ஓடுவது எல்லாம் நேரம் கெட்டுச் சிதறின. 1990இல் இன்னும் துல்லியமாகக் காட்டினார்கள். கடிகாரம் வேகமாக ஓடும் ஒரு மரபு மாறிய ஹாம்ஸ்டரின் கொத்தை எடுத்து, கொத்து அழிக்கப்பட்ட இன்னொரு ஹாம்ஸ்டருக்கு வைத்தார்கள். வாங்கிக்கொண்ட விலங்கு, கொடுத்த விலங்கின் நேரப்படி நடக்க ஆரம்பித்தது.

மனிதக் கடிகாரத்தைத் தனியே விட்டால் அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரமும் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் எடுக்கும். அதாவது அது கொஞ்சம் தாமதமாக ஓடும் கடிகாரம். யாராவது தினமும் திருத்தியாக வேண்டும். திருத்துவது வெளிச்சம். நாம் பார்ப்பதற்குப் பயன்படுத்தும் செல்கள் போக, விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட தனி நரம்பணுக்கள் கொஞ்சம் இருக்கின்றன. 480 நானோமீட்டர் பக்கத்திலுள்ள நீல வெளிச்சம் அவற்றை அதிகம் தூண்டும். அவை நேராக இந்தக் கொத்துக்கு நரம்பு அனுப்பி, வெளிச்சம் பட்டால் அங்கே குளூட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. பார்வையே இல்லாத சிலரின் கடிகாரத்தைக்கூட வெளிச்சம் திருத்துவது, இந்தச் செல்கள் மட்டும் அவர்களுக்குப் பிழைத்திருப்பதால்தான்.

இனிமேல் சொல்வதுதான் உங்கள் அட்டவணைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஒரே வெளிச்சம், படும் நேரத்தைப் பொறுத்து, கடிகாரத்தை எதிரெதிர்த் திசைகளில் தள்ளும். காரணம் எளிமையானது. கொத்தின் ஒவ்வொரு செல்லிலும் பெர் என்ற மரபணுவின் செயல்பாடு பகலில் ஏறும், மாலைக்குப் பிறகு இறங்கும், விடியும் நேரத்தில் மறுபடி ஏறத் தொடங்கும். வெளிச்சம் எப்போது பட்டாலும் அதை ஏற்றிவிடுவது ஒன்றைத்தான் செய்கிறது. இறங்கிக்கொண்டிருக்கும்போது ஏற்றினால், செல்லுக்கு இன்னும் சாயங்காலமே முடியவில்லை என்று ஆகிவிடும், கடிகாரம் பின்தங்கும். ஏறப்போகும் நேரத்தில் ஏற்றினால், விடிந்தாயிற்று என்று ஆகிவிடும், கடிகாரம் முந்தும். இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோடு ஏறத்தாழ அந்த அடிமட்ட வெப்ப நேரம்தான். நாலரைக்கு முன்னால் பட்ட வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும், பின்னால் பட்டது முன்னுக்கு இழுக்கும்.

சரி, இப்போது உங்கள் இரவு ஷிப்டை இதில் பொருத்திப் பாருங்கள். பத்து மணிக்கு ஒருவர் வேலைக்கு வருகிறார். அவருடைய அடிமட்டம் நாலரை மணி. பகலில் தூங்க வேண்டுமானால் அது காலை எட்டு மணிக்கும் பிறகு நகர வேண்டும், அதாவது பின்தங்க வேண்டும். ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறதே, அது தள்ளாதா என்றால் கொஞ்சம் தள்ளும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். அறை விளக்கு கண்ணுக்கு வரும்போது நூறு முதல் முந்நூறு லக்ஸ் இருந்தால் பெரிது. ஆறு மணிக்கு வேலை முடிந்து, கணக்கு ஒப்படைத்து, ஆறரைக்கு அவர் வெளியே வருகிறார். பொழுது நன்றாக விடிந்து வானம் தெளிவாக இருந்தால் 10,000 லக்ஸ் சாதாரணம். எல்லைக்கோட்டுக்கு இரண்டு மணி நேரம் பிந்தி, முந்தி இழுக்கும் பகுதியின் நடுவில், அந்த வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. இரவெல்லாம் கடிகாரம் நகர்ந்த சொற்ப தூரமும் வீடு போய்ச் சேர்வதற்குள் திரும்பப் பிடுங்கப்படுகிறது.

எட்டு மணிக்குப் படுக்கிறார். களைப்பில் உடனே தூக்கம் வரும். ஆனால் கடிகாரம் அப்போது உடலை எழுப்பும் வேலையில் இருக்கிறது. வெப்பம் ஏறுகிறது, பீனியல் சுரப்பி, இரவில் சுரக்கும் ஹார்மோனான மெலடோனினை நிறுத்திவிட்டது. நாலைந்து மணி நேரத்தில் கண் திறந்துவிடும், பன்னிரண்டரை என்று வையுங்கள். அப்புறம் எவ்வளவு புரண்டாலும் வராது. ஐந்தாவது நாள் இரவும் அதே நாலரைக்கு ஸ்வெட்டர் தேடுகிறார் என்றால், கடிகாரம் நகரவே இல்லை என்று அர்த்தம். இதற்கு இரத்தப் பரிசோதனையே வேண்டாம்.

"ஒரு வாரம் கொடுத்தால் பழகிவிடுவார்கள்" என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்வார். நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கு தப்பு. எல்லாம் சாதகமாக அமைந்தாலே கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் பின்தங்கும். அடிமட்டம் நாலரையிலிருந்து ஒன்பதரைக்கு வர நாலைந்து இரவாவது ஆகும். ஏழாம் நாள் முடிந்து, எப்படியோ பாதி வழி வந்தவரை மதிய ஷிப்டுக்குத் திருப்புகிறீர்கள். இதற்கிடையில் கல்லீரல் தனிக் கதை. அதற்கென்று உள்ள கடிகாரம் வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டு நேரத்தைத்தான் பின்பற்றும் என்பதை எலிகளில் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறவருக்கு மூளை ஒரு நேரத்திலும் குடல் இன்னொரு நேரத்திலும் நிற்க வாய்ப்பிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இலும், மறுபடி 2019இலும், இரவு ஷிப்டைப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற 2ஏ பிரிவில் வைத்தது. சான்று மறுக்க முடியாதது என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் அலட்சியப்படுத்தவும் முடியாது.

ஆக உங்களிடம் கேட்பது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான்.

ஒன்று, கடிகாரத்தைத் தொடாதீர்கள். தொடர்ந்து இரண்டு இரவு, அதிகம் போனால் மூன்று, பிறகு ஓய்வு. கடிகாரம் பகலிலேயே நிற்கும். நாலரை மணிச் சரிவு நிச்சயம் வரும் என்று ஏற்றுக்கொண்டு, மருந்து அளப்பது, கலவை சேர்ப்பது போன்ற வேலைகளை நாலிலிருந்து ஆறு மணிக்குள் வைக்காதீர்கள். இருபது நிமிடம் கண்ணயர ஓர் அறை கொடுங்கள். எழுந்தவுடன் கால் மணி நேரம் மந்தமாக இருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இல்லை, நிரந்தர இரவு ஆட்கள்தான் வேண்டும் என்றால், கடிகாரத்தை உண்மையாகவே நகர்த்துங்கள். முழுக்கத் தலைகீழாக்க வேண்டியதில்லை. அடிமட்டத்தைக் காலை பத்து மணிப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். நள்ளிரவு தாண்டியதிலிருந்து நாலு மணி வரை, மணிக்குக் கால் மணி நேரம் சில ஆயிரம் லக்ஸ் வெளிச்சத்தின் முன் உட்கார வைக்க வேண்டும். பிறகு விளக்கைத் தணிக்க வேண்டும். வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி, வீட்டில் கும்மிருட்டான அறை. விடுமுறை நாளிலும் அவர் விடிகாலை மூன்று மணிக்குப் படுத்துப் பகல் பன்னிரண்டுக்கு எழ வேண்டும். ஆய்வகங்களில் இப்படிச் செய்து பார்த்து வேலை செய்திருக்கிறது. ஆனால் குடும்பத்தோடு வாழ்கிற ஒருவர் விடுமுறையில் இதைக் கடைப்பிடிப்பாரா என்பதை நீங்கள் உத்தரவு போட்டு முடிவு செய்ய முடியாது. அவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். இரவு ஆந்தையாக இருக்கிறவருக்கு இது சுலபம். காலையில் தானாக விழிக்கிறவருக்கு வேதனை.

சுற்று முறையை விடவே முடியாது என்றால், வரிசையையாவது திருப்புங்கள். காலை, மதியம், இரவு என்று போகட்டும். நம் கடிகாரம் பின்தங்குவதற்குத்தான் இயல்பாகச் சம்மதிக்கும். எங்களுக்கு இருந்ததோ இரவு, மதியம், காலை. ஆறு மணிக்கு வெளியே வந்தவன் இடையில் விடுமுறை இல்லாவிட்டால் அன்றைக்கே இரண்டு மணிக்கு வர வேண்டும், நடுவில் எட்டே மணி நேரம். திருப்பிப் போட்டால் அதே இடைவெளி 24 மணி நேரம் ஆகிறது, செலவு எதுவும் இல்லாமல். அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு கனிமத் தொழிற்சாலையில் இப்படித் திருப்பி, வாரா வாரம் மாற்றியதை 21 நாளுக்கு ஒருமுறை ஆக்கியதில், வேலையாட்களின் திருப்தியும் உற்பத்தியும் கூடியதை 1982லேயே எழுதிவிட்டார்கள்.

கடைசியாக அந்தக் கறுப்புக் கண்ணாடி. வெளிச்சத்தைத் தடுக்கும், சரிதான். ஆனால் இரவெல்லாம் விழித்திருந்து வண்டி ஓட்டிப் போகிறவருக்கு விழிப்பைப் பிடித்து வைத்திருப்பதும் அதே காலை வெளிச்சம்தான். அவருக்குக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினால் கடிகாரத்தைக் காப்பாற்றி ஆளை விபத்தில் விட்டுவிடுவீர்கள். எனவே கண்ணாடி வழங்கும் திட்டம் உங்களிடம் இருக்குமானால், அதோடு சேர்த்துக் காலை ஆறரைக்கு ஒரு வண்டியும், அதை ஓட்ட, முந்தின இரவு நன்றாகத் தூங்கிய ஓர் ஓட்டுநரும் வேண்டும்.

இப்படிக்கு,
ஆறு வருடம் நாலரை மணிக்கு ஸ்வெட்டர் தேடியவன்